ஏற்புரையை மாணவரிடமே விடுங்கள்

கன்னியாகுமரி மாவட்டப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள், தாளாளர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவினர், பெற்றோர் ஆசிரியர் கழகத்தினர் ஆகியோருக்கு,

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைக்குப் பள்ளியில் பாராட்டு விழா நடத்துகிறீர்கள். அந்த விழாவில் அந்தப் பிள்ளை பேசும் ஏற்புரைக்கு 2 நிமிடம்தான் என்று சில பள்ளிகள் முடிவு செய்திருக்கின்றன. என்ன பேச வேண்டும் என்பதையும் பள்ளியே தட்டச்சு செய்து கையில் கொடுத்துவிடுகிறது. விழாச் செலவில் பங்கெடுக்கும் நீட் பயிற்சி மையம் எழுதிக் கொடுத்த தாளை மாணவர் வாசிப்பதும் நடக்கிறது. மாணவர்களுக்கு மேடைப் பேச்சு சொல்லிக்கொடுக்கிறவர்கள் நாங்கள். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்களால் முடியவில்லை.

முதலில் அந்த 2 நிமிடக் கணக்கைப் பாருங்கள். மேடையில் பதற்றமில்லாமல், நிறுத்தி நிறுத்திப் பேசும் மாணவர் நிமிடத்துக்கு 80 முதல் 90 சொற்கள் பேசுவார். அதற்கு மேல் போனால் பின்வரிசைக்குச் சொல் தெளிவாகப் போய்ச் சேராது. ஆக 2 நிமிடத்துக்கு 170 சொற்கள். இப்போது உங்கள் தாளின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களே" என்று தொடங்கி, முன்னிலை வகிப்பவர், வாழ்த்த வந்தவர், சிறப்பு விருந்தினர் என்று 12 பேரை விளிக்கச் சொல்கிறீர்கள். ஒருவருக்கு 7 சொற்கள் என்றாலே 84 சொற்கள் ஆயிற்று. பாதி நேரம் அங்கேயே போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒரு நிமிடத்தில்தான் 6ஆம் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரையுள்ள ஆசிரியர்களும், பெற்றோரும், நண்பர்களும் வர வேண்டும். அதனால்தான் எல்லாப் பேச்சும் "அறிவொளி ஊட்டிய ஆசான்களுக்கும், ஈன்ற பெற்றோருக்கும்" என்ற ஒரே வரியில் முடிந்துபோகிறது. நன்றி சொல்லப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இல்லை, அதற்கு இடம் விடப்படவில்லை.

மேடையில் இருப்பவர்களை வரவேற்புரையில் ஒருமுறை பெயர் சொல்லி அழைத்தாகிவிட்டது. மாணவர் மறுபடி ஒவ்வொருவராக அழைக்கத் தேவையில்லை. "மேடையிலும் அவையிலும் இருக்கும் பெரியவர்களுக்கும், என் ஆசிரியர்களுக்கும், அப்பா அம்மைக்கும், தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்" என்ற ஒரு வரி போதும். எந்த விருந்தினரும் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். எடுத்துக்கொள்வார் என்று நீங்கள் அஞ்சினால், அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது உங்கள் வேலை. 17, 18 வயதுப் பிள்ளையின் நேரத்தில் கைவைத்து அதைச் சரிக்கட்டக் கூடாது.

அடுத்தது வரிசை. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, நான்கைந்து வாழ்த்துரை, சிறப்புரை, பொன்னாடை, நினைவுப்பரிசு, அதற்குப் பிறகு ஏற்புரை என்று அழைப்பிதழில் அச்சிடுகிறீர்கள். பத்தரைக்குத் தொடங்க வேண்டிய விழா பதினொன்றுக்குத் தொடங்கினால், ஏற்புரை வரும்போது ஒரு மணியை நெருங்கிவிடும். சிறப்பு விருந்தினர் அடுத்த நிகழ்ச்சிக்குப் புறப்பட்டிருப்பார். சிறிய வகுப்புப் பிள்ளைகள் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்களை அழைத்துப் போன ஆசிரியர்களும் அரங்கில் இருக்க மாட்டார்கள். மாணவர் யாருக்கு நன்றி சொல்ல நிற்கிறாரோ அவர்களில் பாதிப் பேருக்கு அது கேட்பதில்லை. எந்த வாழ்த்துரைக்கும் நேரம் குறிக்காத அழைப்பிதழ், ஏற்புரைக்கு மட்டும் 2 நிமிடம் குறிப்பது எந்த வகையில் நியாயம்? தலைமையுரை முடிந்த கையோடு ஏற்புரையை வைத்தால் எல்லோரும் இருப்பார்கள். பின்னால் வாழ்த்துகிறவர்களுக்கும் அந்தப் பிள்ளை சொன்னதைத் தொட்டுப் பேச ஏதாவது கிடைக்கும்.

இனி, எழுதிக் கொடுக்கப்படும் தாள். ஒரே தாள் பெயர் மட்டும் மாறிப் பள்ளி பள்ளியாகச் சுற்றுகிறது என்பது அதைக் கேட்டாலே தெரியும். ஆசாரிப்பள்ளத்தில், வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில் இடம் கிடைத்த பிள்ளையும் "பெற்றோரைப் பிரிந்து தொலைதூரம் செல்கிறேன்" என்று வாசிக்க வேண்டியிருக்கிறது. இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. 2020இல் வந்த சட்டத்தின்படி, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் அந்த ஒதுக்கீட்டில் வர மாட்டார்கள். நம் மாவட்டத்தில் உதவி பெறும் பள்ளிகள் நிறைய. அரசுப் பள்ளிக்கு எழுதிய தாளை உதவி பெறும் பள்ளியில் அப்படியே கொடுத்தால், கட்டணத்துக்கு அங்கிங்கு அலையும் தகப்பன் முன்வரிசையில் இருக்க, "என் கட்டணம் முழுவதையும் ஏற்ற அரசுக்கு நன்றி" என்று மகள் வாசிக்க நேரும். உள் ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளை அதை மேடையில் மறைக்க வேண்டும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தவறு. சட்டம் கொடுத்த இடம் அது. சொல்வதும் சொல்லாததும் அந்தப் பிள்ளையின் விருப்பம்.

மேடைக்குப் பின்னால் கட்டும் பிளெக்ஸும் பேச்சைப் பாதிக்கிறது. பொதுத்தேர்வில் மாநில, மாவட்ட முதலிடம் அறிவிப்பதை அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. பிறகும் "மாவட்ட முதலிடம்" என்று அச்சிட்டு, அதன் கீழே மாணவரை நிற்கவைத்துப் பேசச் சொல்கிறோம். பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளையின் மதிப்பெண் அவருக்குத் தெரிந்திருக்கும். கூசிக்கொண்டே பேசுவார். உங்கள் மதிப்பெண் பட்டியலை வைத்து நீங்கள் உறுதியாகச் சொல்லக்கூடியது பள்ளி முதலிடம். அதையே எழுதுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை.

தாள் கொடுக்காவிட்டால் பிள்ளை தடுமாறிவிடுவாள் என்று சொல்வீர்கள். உண்மைதான். உதவி வேண்டும், ஆனால் அந்த உதவி எழுதிக் கொடுப்பதாக இருக்கக் கூடாது. கேள்வி கேட்பதாக இருக்க வேண்டும். விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் தமிழாசிரியர் ஒருவர் மாணவருடன் அரைமணி நேரம் உட்கார்ந்து இரண்டு கேள்வி கேட்டால் போதும். எந்த ஆசிரியர் செய்த எந்தக் காரியம் இல்லாமல் போயிருந்தால் உனக்கு இந்த இடம் கிடைத்திருக்காது? வீட்டில் உனக்காக யார், எந்த நேரத்தில், என்ன வேலை செய்தார்கள்? பதிலை மாணவர் வாயால் சொல்லட்டும். ஆசிரியர் அதை அப்படியே குறித்துக்கொள்ளட்டும். பேச்சு அந்தக் குறிப்பிலிருந்து வர வேண்டும்.

5 நிமிடப் பேச்சுக்குக் கைதட்டும் நேரம் போக 400 சொற்கள் கிடைக்கும். வணக்கத்துக்கு 20, ஆசிரியர்களுக்கு 180, பிற பணியாளர்களுக்கு 40, பெற்றோருக்கு 100, கடைசியில் இளைய மாணவர்களுக்கு 60 என்று பிரித்தால் எதுவும் நெருக்காது.

ஆசிரியர்களுக்கு நன்றி சொல்வதில்தான் மனக்கசப்பு அதிகம் வருகிறது. 5 பேரின் பெயரைச் சொல்லி ஆறாமவரை விட்டுவிட்டால், அந்த ஆசிரியர் மனதில் அது நெடுநாள் இருக்கும். 30 பேரின் பெயரையும் வாசித்தால் அது வருகைப்பதிவேடு ஆகிவிடும். பெயர்ப் பட்டியலை விட்டுவிட்டுச் செயலைச் சொல்வதுதான் இதற்கு வழி. 3 ஆசிரியர்கள், ஆளுக்கு ஒரு செயல். மூவரும் மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களாகவே இருக்கக் கூடாது. ஒருவர் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் அடித்தளம் போட்டவராக இருக்கட்டும். ஒருவர் மதிப்பெண் சரிந்த நேரத்தில் கைகொடுத்தவர். ஒருவர் பாடத்தில் ஐயம் தீர்த்தவர். மற்றவர்களை "இந்த 7 ஆண்டில் எனக்குப் பாடம் எடுத்த எல்லா ஆசிரியர்களும் தயவுசெய்து ஒருமுறை எழுந்து நில்லுங்கள்" என்று கேட்டு, அவர்கள் நின்ற பிறகு ஒரே வணக்கம் சொன்னால் யாரும் விடுபட மாட்டார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தற்காலிகமாக வேலை பார்த்து, இப்போது பள்ளியில் இல்லாத ஆசிரியர்களை அழைப்பிதழ் கொடுத்துக் கூப்பிடுங்கள். காலிப் பணியிடத்தில் வந்து பாடத்தை முடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள்.

எப்படிச் சொல்வது என்பதற்கு ஒரு மாதிரி. "இயற்பியல் ஆசிரியர் எனக்கு அறிவுக்கண் திறந்தார்" என்பது எவருக்கும் பொருந்தும், அதனாலேயே எவரையும் தொடாது. "ஒளியியல்ல கதிர்ப்படம் போட எனக்கு வராது. சார் எட்டேகாலுக்கே வந்து, பிரேயர் மணி அடிக்கிறதுவரை போர்டுல என்னையே போட வச்சாங்க. தப்பா போட்டா அழிக்க மாட்டாங்க. எங்க தப்புன்னு என்னையே கண்டுபிடிக்கச் சொல்லுவாங்க." இது 25 சொற்களுக்குள் அடங்கிவிட்டது. அந்த ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்பது அரங்கு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. கீழே இருக்கும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை எட்டேகாலுக்கு வரலாம் என்று தெரிந்துகொள்கிறது. சொல்லப்போகும் செயலை அந்த ஆசிரியரிடம் முன்னாலேயே ஒருமுறை சொல்லிக் காட்ட வேண்டும். பாடமோ ஆண்டோ தவறியிருந்தால் அவர் திருத்துவார்.

பிற பணியாளர்கள் என்று சொன்னோம். சான்றிதழ்களை ஒழுங்காக எடுத்துக்கொடுத்த அலுவலக உதவியாளரும், ஆய்வகத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தவரும் தாளில் வருவதே இல்லை. பயிற்சி மையம் முதல் வரியில் வருகிறது. பயிற்சி மையத்தில் உண்மையிலேயே படித்திருந்தால் அங்கே கற்றுக்கொடுத்த ஆசிரியருக்கு நன்றி சொல்லட்டும். நிறுவனத்தின் பெயரை விளம்பரம் போல இரண்டு முறை வாசிக்கவைக்கும் உரிமை, பந்தல் செலவு கொடுத்ததால் வந்துவிடாது.

பெற்றோர் பகுதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். எழுதிக் கொடுக்கும் தாள்களில் வறுமையை வேண்டுமென்றே கூட்டி எழுதுகிறார்கள். அடகு வைத்த நகை, கந்துவட்டிக் கடன், ஒழுகும் வீடு எல்லாம் வருகின்றன. தாய் அழுவதும் அதைப் படம் எடுப்பதும் நடக்கிறது. மறுநாள் அந்தத் தாய் அதே தெருவில்தான் நடந்து போக வேண்டும். கடன் கொடுத்தவரும் அதே அவையில் இருந்திருக்கக்கூடும். மாணவருக்குத் தெரிந்த வீட்டு விவரம் எல்லாம் மேடைக்கு உரியதல்ல. அதனால் பெற்றோர் பகுதியை, விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் மாணவர் வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். தாயோ தகப்பனோ "அது வேண்டாம் மக்களே" என்று சொல்லும் எந்த வரியும் போய்விட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது.

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் தகப்பன், அண்டி ஆபீசுக்குப் போகும் தாய், ஒரே மகள் என்று ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். பள்ளி எழுதும் தாளில் இப்படி இருக்கும்: "வறுமையின் கோரப்பிடியிலும் என்னை மருத்துவராக்கிப் பார்க்கத் தன்னையே உருக்கிய தந்தைக்கும், கைகள் வெந்து புண்ணாகியும் கலங்காத தாய்க்கும் நன்றி." மகளிடம் கேட்டால் வேறு விஷயம் வரும். பால் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். அதனால் அப்பா விடியும்முன் எழுந்துவிடுவார். மழை பெய்தால் வெட்டு நடக்காது, அன்றைக்குக் கூலியும் இல்லை. அண்டி தோட்டில் இருக்கும் எண்ணெய் பட்டு அம்மையின் விரல்கள் கறுத்திருக்கும்.

இதை முதல் வரைவில் எல்லாம் எழுதலாம். வீட்டில் வாசித்தபோது கூலியைப் பற்றிய வரி வேண்டாம் என்று அப்பாவும், கையைப் பற்றிய வரி வேண்டாம் என்று அம்மையும் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் போய்விட்டால் மிஞ்சுவது இது: "அப்பா வெட்டுக்குப் போக விடியுமுன்ன எழும்புவாங்க. எழும்புன உடனே என்னையும் தட்டி எழுப்பி, கட்டன் சாயா போட்டு மேசையில வச்சிட்டுத்தான் டார்ச்ச எடுத்துட்டு இறங்குவாங்க. நான் உயிரியல் படிச்சதெல்லாம் அந்த நேரத்துலதான். அம்மை ராத்திரி நான் புத்தகத்த மூடுறதுவரை பக்கத்துல உக்காந்திருப்பாங்க. என்ன படிக்கேன்னு அவங்களுக்குத் தெரியாது. ஆனா நான் தூங்கி விழுந்தா தெரியும்." இதில் அழவைக்க எந்தச் சொல்லும் போடவில்லை. கேட்கிறவர்களுக்கு அந்த வீடு கண்முன் வந்துவிடும். அந்தப் பெற்றோர் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் பகுதியில் பேச்சு வழக்கு வந்தால் திருத்தாதீர்கள்.

பெற்றோர் பகுதியைக் கடைசியில் வைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. குரல் அடைப்பது பெரும்பாலும் அங்கேதான். அது கடைசியாக இருந்தால் மாணவர் பேச்சை முடிக்காமலே இறங்கிவிடுவார். அதற்குப் பிறகு இளைய மாணவர்களுக்கான பகுதி இருந்தால், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர ஒரு பிடி கிடைக்கும். அந்தப் பகுதியின் முதல் வரி "பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு" என்பது போல எளிதாகத் தொடங்கட்டும்.

அந்தக் கடைசிப் பகுதியில் மாணவரை என்ன வாக்குறுதி கொடுக்கவைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். "நம் ஊர் மக்கள் அனைவருக்கும் இலவச மருத்துவம் செய்வேன்" என்பது எல்லாத் தாளிலும் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டு, பிறகு ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி. அது முடிந்து பதிவு பெற்ற பிறகுதான் தனியாக மருத்துவம் பார்க்க முடியும். மேற்படிப்பு என்றால் இன்னும் ஆண்டுகள். இவ்வளவு தூரத்தில் இருக்கும் ஒன்றை இன்று ஊர் முன்னால் சத்தியம் செய்யவைத்தால், நாளை அந்தப் பிள்ளை விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். முதலாண்டில் உடற்கூறியல் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் மருந்துச் சீட்டை நீட்டுவார்கள். அதே காரணத்துக்காகத்தான் மேடையில் வெள்ளைக் கோட்டு மாட்டி, ஸ்டெதஸ்கோப் போட்டு, "டாக்டர்" என்று அழைப்பதையும் விட்டுவிடச் சொல்கிறோம். கொடுக்க முடிந்த வாக்கு வேறு இருக்கிறது. "என் தாவரவியல், விலங்கியல் குறிப்புகளைப் பள்ளி நூலகத்தில் கொடுத்துவிட்டுப் போகிறேன். கலந்தாய்வுக்கு என்னென்ன சான்றிதழ் கேட்டார்கள் என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன்." இதை அன்றைக்கே நிறைவேற்றலாம்.

மேடையில் நடக்கும் சில சின்னக் காரியங்கள்தான் நல்ல பேச்சையும் கெடுத்துவிடுகின்றன. ஒலிவாங்கி, முன்னால் பேசிய பெரியவரின் உயரத்தில் நிற்கும். மாணவி எக்கிக்கொண்டு பேசுவாள். ஒலிபெருக்கிக்காரர் அதை இறக்கி, வாய்க்கு நான்கு விரல் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைக்க வேண்டும். நேராக வைத்தால் "பள்ளி", "பெற்றோர்" என்று பகரம் வரும்போதெல்லாம் காற்று மோதி வெடிக்கும். தாள் ஒரு பக்கம் மட்டும் எழுதியதாக, பெரிய எழுத்தில், மூச்சு விடும் இடத்தில் வரி முடிவதாக, பக்க எண்ணுடன் இருக்கட்டும். விழாவுக்கு முந்தின நாள் ஒருமுறையாவது காலி அரங்கில் ஒலிவாங்கியுடன் வாசித்துப் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நமக்குத் தென்மேற்குப் பருவமழை. தகரக் கூரை போட்ட அரங்கில் மழை இறங்கினால் எந்தக் குரலும் கேட்காது. விழா தகரக் கூரையின் கீழ் என்றால், மழை ஓயும்வரை ஏற்புரையை நிறுத்தி வைப்பதாக முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த இரைச்சலில் பிள்ளையைக் கத்தவிடாதீர்கள்.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். தேர்வுக் குழுவின் ஒதுக்கீட்டு ஆணை வந்ததிலிருந்து கல்லூரியில் சேர வேண்டிய கடைசி நாள் வரை மாணவருக்கு இருப்பது சில நாட்களே. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், உள் ஒதுக்கீடு என்றால் 6 முதல் 12 வரை படித்ததற்கான சான்று என்று எல்லாவற்றையும் அதற்குள் திரட்ட வேண்டும். சிறப்பு விருந்தினருக்கு ஒத்துவரும் நாளுக்காக விழாவைத் தள்ளிப்போட்டு, மாற்றுச் சான்றிதழை அந்த மேடையில்தான் தருவோம் என்று வைத்துக்கொள்வது மாணவரைத் தவிக்கவிடுவது. சான்றிதழ்களை முதலில் கொடுத்துவிடுங்கள். நாளைப் பெற்றோரிடம் கேட்டுக் குறியுங்கள், கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வசதி என்றால் ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

ஏற்புரைக்கு 2 நிமிடம் என்ற வரம்பை நீக்கி, 5 நிமிடம் முழுதாக ஒதுக்குங்கள். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும்முன் அதைத் தலைமையுரைக்கு அடுத்த இடத்துக்கு மாற்றுங்கள். வாழ்த்துரை ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடம் என்று அதே அழைப்பிதழில் குறிப்பிடுங்கள்.

பள்ளியோ பயிற்சி மையமோ எழுதிய தாளை மாணவர் கையில் கொடுப்பதை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக, கேள்வி கேட்டு உதவ ஒரு தமிழாசிரியரைப் பொறுப்பாக்குங்கள். பெற்றோரைப் பற்றிய பகுதி அவர்கள் ஒப்புதல் இல்லாமல் மேடை ஏறாது என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். அவர்கள் அழுவதைப் படம் எடுத்து வெளியிடவும் அதே ஒப்புதல் வேண்டும் என்று அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்வரிசையில் பெற்றோருக்கும், மாணவர் பெயர் குறிப்பிட்ட ஆசிரியர்களுக்கும், பணி மாறிப் போன ஆசிரியர்களுக்கும் நாற்காலி போடுங்கள். சான்றிதழ்கள் அனைத்தையும் விழாவுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

இந்த ஆண்டுக் கலந்தாய்வின் அடுத்த சுற்றுகளில் இடம் பெறும் பிள்ளைகளுக்கு இனிமேல்தான் விழா நடக்கப்போகிறது. இந்த மாற்றங்களை அந்த விழாக்களிலிருந்தே தொடங்குங்கள். உங்கள் முடிவை எழுத்தில் தெரிவியுங்கள். பயிற்சிக்கு ஆள் வேண்டுமென்று கேட்கும் பள்ளிக்கு நாங்கள் வந்து, கட்டணமின்றி மாணவருடன் உட்காருகிறோம்.

இப்படிக்கு,
மேடைப் பேச்சுப் பயிற்சி தரும் தமிழாசிரியர்கள்
கன்னியாகுமரி மாவட்டம்